புல் தயார், ஆனால் பூமி தயாரில்லை

கார்த்திகை மழை ஓய்ந்து சில வாரங்களில், காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்துப் பட்டிகளில் செம்மறிகளுக்குத் தாடை வீங்குவதைப் பார்க்கலாம். காலையில் கொஞ்சமாக இருக்கும். நாள் முழுக்கத் தலையைக் குனிந்து மேய்ந்துவிட்டு மாலையில் திரும்பும்போது, கீழ்த்தாடைக்கு அடியில் தண்ணீர் கோத்த பை மாதிரி தொங்கும். ஆடு கழிவதில்லை, இருமுவதில்லை, மேய்வதைக்கூட நிறுத்துவதில்லை. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் மட்டும் சிவப்பாக இருக்கவேண்டிய உள்தோல் வெள்ளைத் தாள்போல வெளுத்திருக்கும். இத்தனைக்கும் காடு அப்போதுதான் பச்சைப் பசேலென்று நிற்கும். ஆண்டிலேயே நல்ல புல் கிடைக்கும் மாதத்தில் ஆடு இரத்தம் வற்றிச் சாகிறது.

காரணம் ஹீமாங்கஸ் கன்டார்டஸ் என்ற உருண்டைப்புழு. ஆட்டின் நான்காவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு புழு ஒரு நாளைக்குக் குடிப்பதும் கசியவிடுவதும் சேர்ந்து ஏறத்தாழ 0.05 மில்லி. கேட்பதற்கு ஒன்றுமில்லை போலிருக்கும். ஓர் ஆட்டுக்குள் 2,000 புழு இருந்தால் நாளொன்றுக்கு 100 மில்லி. 25 கிலோ எடையுள்ள பெட்டை ஆட்டின் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே சுமார் ஒன்றரை லிட்டர்தான். இரத்தத்தோடு புரதமும் போய்விடுவதால்தான் நீர் இறங்கித் தாடையில் சேர்கிறது.

இந்தப் புழு ஆட்டிலிருந்து ஆட்டுக்கு நேரே தொற்றாது. ஒரு பெண்புழு ஒரு நாளில் 5,000 முட்டைக்கு மேல் இடும். அவை புழுக்கையோடு தரையில் விழ வேண்டும். அங்கே பொரித்து, இரண்டு முறை தோலுரித்து, மூன்றாம் நிலை லார்வாவாக மாறி, ஈரத்தைப் பிடித்துப் புல்மீது ஏற வேண்டும். அந்தப் புல்லை ஆடு கடித்தால்தான் புழுவுக்கு மறுபிறப்பு. ஆட்டுக்கு வெளியே கழியும் இந்த நாட்களில்தான் மேய்ச்சல்காரர் கை வைக்க இடமிருக்கிறது. இருப்பதே இரண்டு ஏக்கர் என்றாலும் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து முறை வைத்து மேய்க்கலாம். ஆனால் அந்த முறையை எந்தக் கணக்கில் வைப்பது என்பதில் பலர் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறார்கள். புல்லின் கணக்கை மட்டும் பார்க்கிறார்கள். புழுவுக்கென்று தனியாக ஒரு கணக்கு இருக்கிறது.

முதலில் புல்லின் கணக்கு. கொங்கு நாட்டுக் கொறங்காடுகளில் முதன்மையான புல் கொழுக்கட்டைப் புல். தூர்கட்டி வளரும், வறட்சியைத் தாங்கும், ஆட்டுக்குப் பிடித்தது. கடிபட்ட தூர் முதல் துளிரைத் தன் வேரிலும் அடித்தண்டிலும் சேர்த்துவைத்த சத்தைக் கொண்டு விடுகிறது. அந்தத் துளிர் விரிந்து, வெயிலில் உணவு தயாரித்துத்தான் எடுத்த கடனை அடைக்க வேண்டும். மழைக்காலத்தில் நான்கைந்து நாளில் துளிர் கடிக்கும் உயரத்துக்கு வந்துவிடும். ஆடு இன்னும் அங்கேயே நின்றால், சுற்றிலும் முற்றிய புல் எவ்வளவு இருந்தாலும், தேடிப்போய் அந்த இளந்துளிரைத்தான் கடிக்கும். இரண்டு மூன்று முறை இப்படிக் கடிபட்டால் வேர் சுருங்கிவிடும். சில ஆண்டுகளில் கொழுக்கட்டைப் புல் போய், ஆடு தொடாத துடைப்பப்புல் அந்த இடத்தைப் பிடித்திருக்கும். பிரான்சின் நார்மண்டியில் மாடு வளர்த்த ஆந்த்ரே வுவாசேன், 1957-இல் வெளியிட்ட தன் நூலில் இதையே ஒரு விதியாக எழுதினார்: முதல் நாள் கடிபட்ட புல், ஆடுமாடு அங்கிருந்து வெளியேறும் முன் இரண்டாம் முறை கடிபடக் கூடாது.

புழுவின் கணக்கும் முதல் படியில் இதையே சொல்கிறது. நம்முடைய வெப்பத்தில், மண்ணில் ஈரமிருந்தால், முட்டை விழுந்த நான்கைந்து நாளில் லார்வா தொற்றும் நிலைக்கு வந்துவிடும். ஒரு துண்டில் ஆட்டை நான்கு நாளுக்கு மேல் வைத்திருந்தால், முதல் நாள் போட்ட புழுக்கையிலிருந்து ஏறும் லார்வாவை ஐந்தாம் நாள் அதே ஆடு தின்னும். ஆகவே புல்லுக்காகவும் புழுவுக்காகவும் நான்காம் நாள் மாலையோடு அந்தத் துண்டைவிட்டு வெளியேறிவிட வேண்டும்.

உயரத்திலும் இரண்டு கணக்கும் ஒத்துப்போகின்றன. லார்வா நீந்தி ஏறுவது பனியும் மழையும் புல்மீது விட்டுவைக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில். பெரும்பாலானவை தரையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள்ளேயே தங்கிவிடும். அதற்குமேல் போகப்போகக் குறைந்துவிடும். ஆகவே நான்கு அங்குலம், அதாவது உள்ளங்கை அகலம், புல் மிச்சமிருக்கும்போதே ஆட்டை வெளியேற்றினால் லார்வா நிறைந்த அடிப்பகுதி ஆட்டின் வாய்க்குள் போகாது. மிஞ்சிய அந்த இலையே தூர் சீக்கிரம் துளிர்க்கவும் உதவும். வழித்தாற்போல் மேயவிட்டு மாற்றுவதுதான் சிக்கனம் என்று நினைப்பவர்கள், வேரையும் இழந்து புழுவையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

திரும்பி வரும் நாளில்தான் இரண்டும் முரண்படுகின்றன. நல்ல மழையில் கொழுக்கட்டைப் புல் மூன்று வாரத்தில் மறுபடி முழங்கால் அளவுக்கு நிற்கும். புல்லைப் பார்த்தால் ஆட்டை விட்டுவிடலாம் என்று கை பரபரக்கும். ஆனால் அந்த மூன்றாவது வாரத்தில் புல்லில் லார்வா ஏராளமாக இருக்கும். தொற்றும் நிலைக்கு வந்த லார்வாவால் எதையும் உண்ண முடியாது. முந்தைய நிலையின் தோலை உறைபோல மாட்டிக்கொண்டிருப்பதால் அதன் வாய் மூடிக்கிடக்கிறது. அந்த உறை அதை வெயிலிலிருந்து காக்கிறது, கூடவே பட்டினியும் போடுகிறது. உடலில் மிஞ்சிய சத்து இருக்கும்வரைதான் ஆயுள். வெப்பம் கூடக்கூட அசைவு கூடும், சத்து வேகமாகத் தீரும்.

இதை அளந்து பார்த்த ஓர் ஆய்வு 1994-இல் வெளியானது. ஆஸ்திரேலியரான பார்கரும் அவருடன் வேலை செய்தவர்களும் பசிபிக் கடலின் டோங்கா தீவில் வெள்ளாடுகளை வைத்துச் செய்தது அது. அந்த ஈர வெப்பத்தில் புல்லில் லார்வா எண்ணிக்கை முதல் வார அளவிலேயே உச்சத்துக்குப் போய், பிறகு சரிந்து, ஒன்பது வாரத்தில் கண்ணுக்கு அகப்படாத அளவுக்குக் குறைந்தது. அவர்கள் மேய்ச்சல் நிலத்தைப் பத்துத் துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மேய்த்து, சுமார் ஒரு மாதம் ஓய்வு கொடுத்தார்கள். ஒரே இடத்தில் தொடர்ந்து மேய்ந்த ஆடுகளோடு ஒப்பிட்டால், முறைவைத்து மேய்ந்தவற்றின் சாணத்தில் முட்டை எண்ணிக்கை பாதிக்கும் கீழே இருந்தது. மருந்து கொடுக்க வேண்டிய தேவையும் குறைந்தது.

குளிர்நாடுகளில் இதே ஒரு மாத ஓய்வு பலிக்காது. இங்கிலாந்து போன்ற இடங்களில் லார்வா பல மாதம் சாகாமல் கிடக்கும். அங்கே முறைமேய்ச்சல் புல்லுக்கு நல்லது, புழுவை மட்டும் வைத்துப் பார்த்தால் பெரிய பலனில்லை. அந்த நாட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டு இங்கே இது உதவாது என்று சொல்பவர்கள் நம் வெயிலைக் கணக்கில் எடுப்பதில்லை. அதே நேரம், மார்கழிப் பனியில் கொங்கு நாட்டுக் காலைகள் லார்வாவுக்கு இதமாகவே இருக்கும். ஆகவே மழைக்காலத்தில் ஐந்து வாரத்துக்குக் குறைந்த ஓய்வை நம்பக் கூடாது என்பது என் துணிபு. இடமிருந்தால் ஏழெட்டு வாரம் இன்னும் நல்லது.

ஐந்து வாரம் காத்தால் புல் முற்றித் தண்டாகிவிடுமே என்பது நியாயமான கேள்வி. இதற்கு விடை கொறங்காட்டின் பழைய பழக்கத்திலேயே இருக்கிறது. கிளுவை உயிர்வேலியும் வெள்வேல மரமும் கொண்ட இந்தக் காடுகளில் செம்மறியும் காங்கேயம் மாடும் சேர்ந்தே மேய்ந்து வந்திருக்கின்றன. செம்மறியின் இந்த லார்வாவை வளர்ந்த மாடு தின்றால், பெரும்பாலும் அது மாட்டின் இரைப்பையில் நிலைக்க முடியாமல் அழிந்துவிடும். ஆடு வெளியேறிய இருபதாம் நாள் அளவில் அதே துண்டில் பசுவை விட்டால், முற்றவிருக்கும் புல்லை அது உணவாக்கிக்கொள்ளும், லார்வாவையும் சேர்த்துப் பெருக்கி எடுத்துவிடும். ஆடு திரும்பி வரும்போது புல் மறுபடி இளசாக இருக்கும். இளங்கன்றை இந்த வேலைக்கு விடக் கூடாது, அதற்கு இந்தப் புழு ஒட்டலாம். வெள்ளாடு அறவே உதவாது, செம்மறிக்கும் அதற்கும் ஒரே புழுதான். மாடு இல்லாதவர்கள் அந்த இருபதாம் நாளில் புல்லை அறுத்து மாடுள்ள வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.

இனி ஒரு காட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அகலம் 60 மீட்டர், நீளம் 135 மீட்டர், அதாவது இரண்டு ஏக்கர். சுற்றிலும் கிளுவை வேலி. பன்னிரண்டு மேச்சேரிப் பெட்டைகள், ஒரு பசு. நீளவாக்கில் பத்துத் துண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 20 சென்ட், 810 சதுர மீட்டர். பத்துத் துண்டுக்கும் தனித்தனி வேலி தேவையில்லை. பட்டி கட்டும் வலை 60 மீட்டரில் இரண்டு போதும். ஒன்று ஆட்டுக்கு முன்னால், மற்றொன்று பின்னால். நான்கு நாளைக்கு ஒருமுறை பின்வலையைப் பிடுங்கி முன்னே கொண்டுபோய் நட வேண்டும். பலர் பின்வலையை விட்டுவிடுகிறார்கள். ஆடு தன்னால் முன்னே போகும் என்று நினைப்பார்கள். அது போகாது. முந்தாநாள் மேய்ந்த இடத்தில் துளிர் எட்டிப் பார்த்ததுமே அங்கே திரும்பிப்போய் நிற்கும்.

ஒரு துண்டில் நான்கு நாள், பத்துத் துண்டு, ஒரு சுற்றுக்கு 40 நாள். ஒவ்வொரு துண்டுக்கும் 36 நாள் ஓய்வு. பசு ஐந்து துண்டு பின்தங்கி வரும். ஆடு ஆறாவது துண்டில் நிற்கும்போது பசு முதல் துண்டில், கட்டுக்கயிற்றில் இரண்டு நாள். மற்ற நாட்களில் அதற்குத் தட்டு போட்டுக்கொள்ளலாம்.

புல் போதுமா என்று கண்மட்டமாகச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு குச்சியால் ஒரு மீட்டர் சதுரச் சட்டம் கட்டி, ஆடு நுழையப்போகும் துண்டில் நான்கைந்து இடத்தில் போட்டு, உள்ளங்கை உயரத்துக்கு மேலிருக்கும் புல்லை மட்டும் அறுத்து எடைபோட வேண்டும். சராசரி 250 கிராம் வந்தால், 810 சதுர மீட்டரில் ஏறத்தாழ 200 கிலோ. மிதிபடுவதும் சாணம்படுவதுமாகக் கால்பங்கு போனால் 150 கிலோ மிஞ்சும். 25 கிலோப் பெட்டை ஒன்று ஒரு நாளைக்குச் சுமார் மூன்று கிலோ பசும்புல் தின்னும். பன்னிரண்டு ஆட்டுக்கு நான்கு நாளில் 144 கிலோ. சரியாக இருக்கிறது. எடை 150 கிராம்தான் வருகிறது என்றால் இரண்டு நாளில் மாற்ற வேண்டும் என்று தோன்றும். அப்படிச் செய்தால் சுற்று 20 நாளாகச் சுருங்கி, ஆடு லார்வாவின் நடுவில் போய் நிற்கும். அதற்குப் பதிலாக நாளை அப்படியே வைத்துக்கொண்டு, குறையும் தீனியைப் பட்டியில் சோளத்தட்டாகவோ வேலிமசாலாகவோ கொடுக்க வேண்டும். அதுவும் முடியாதென்றால் இரண்டு ஏக்கருக்குப் பன்னிரண்டு ஆடு அதிகம் என்று பொருள். ஆட்டின் எண்ணிக்கை கூடினால் எத்தனை துண்டு போட்டாலும் புழுவைப் பிடிக்க முடியாது.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் முட்டை எண்ணிக்கை குறையாத காடுகள் உண்டு. அங்கே போனால் நான் முதலில் பார்ப்பது தண்ணீர்த் தொட்டியை. துண்டுகளைச் சரியாக மாற்றிவிட்டு, தொட்டியை மட்டும் ஒரு மூலையில் நிலையாக வைத்திருப்பார்கள். ஆடுகள் தினமும் அங்கே வந்து குடித்து, நிழலில் படுத்து, புழுக்கை போட்டுப் போகும். சிந்தும் தண்ணீரில் தொட்டியைச் சுற்றி எப்போதும் ஒரு வட்டம் பச்சையாக இருக்கும். தண்ணீர் குடித்த கையோடு ஆடு அதைத்தான் கொறிக்கும். நாற்பது நாள் சுற்று முழுவதும் அந்த ஒரு வட்டத்தில் வீணாகிவிடும். பன்னிரண்டு ஆட்டுக்கு ஒரு பாதி பேரல் போதும், அதையும் துண்டோடு நகர்த்த வேண்டும். அசைக்க முடியாத சிமெண்ட் தொட்டி என்றால் சுற்றிலும் கல்பாவி, ஒரு புல்கூட முளைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரவுப்பட்டிக்கும் இதே விதி. பட்டி வெறுந்தரையாக இருக்கட்டும்.

இன்னொரு ஏமாற்று மழைவிடுப்பில் நடக்கிறது. நடுவே மூன்று வாரம் மழையில்லாமல் காய்ந்தால், 36 நாளும் ஓய்வுதான், லார்வா வெயிலில் செத்திருக்கும் என்று நினைப்போம். புல்லில் ஏறியவை செத்திருக்கும். காய்ந்து இறுகிய புழுக்கைக்குள் இருப்பவை சாகாமல் காத்துக்கிடக்கலாம். அடுத்த நல்ல மழையில் புழுக்கை கரையும்போது அவை ஒன்றாக வெளியே வரும். நீண்ட காய்ச்சலுக்குப் பின் வரும் முதல் மழையை அடுத்த இரண்டு வாரம், கண் வெளுப்பைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய காலம்.

கண் பார்ப்பதற்கு ஒரு வண்ண அட்டை உண்டு. தென்னாப்பிரிக்காவில் உருவான அதன் பெயர் ஃபமாச்சா. கீழ் இமையின் உள்தோல் நிறத்தை ஒன்றிலிருந்து ஐந்துவரை தரம் பிரிக்கும். ஒன்று நல்ல சிவப்பு, ஐந்து வெள்ளை. பத்து நாளைக்கு ஒருமுறை, பகல் வெளிச்சத்தில், எல்லா ஆட்டையும் பார்க்க வேண்டும். நான்கு, ஐந்து என்றால் மருந்து. மூன்று என்றால் குட்டிக்கும் சினை ஆட்டுக்கும் பால்கொடுக்கும் தாய்க்கும் மருந்து, மற்றவை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். குட்டி ஈனும் காலத்தை ஒட்டிப் பெட்டையின் எதிர்ப்புச் சக்தி குறைந்து, அதன் சாணத்தில் முட்டை பெருகும். அதே புல்லை முதன்முதலாகக் கடிக்கும் குட்டிக்கோ எதிர்ப்பே இருக்காது. அதனால் பசு மேய்ந்து அதிக நாள் ஓய்ந்த துண்டு, ஈன்ற தாய்க்கும் பால்மறந்த குட்டிக்கும் போக வேண்டும்.

மருந்து விஷயத்தில் ஒரு பழைய அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மந்தைக்கு முழுதாக மருந்து ஊற்றி, உடனே புதுத் துண்டுக்கு மாற்று என்பார்கள். இது கெடுதல். மருந்துக்கு எல்லாப் புழுவும் சாவதில்லை. தப்பிய சில புழுக்கள் மருந்தை வென்றவை. லார்வா இல்லாத சுத்தமான துண்டில் அவற்றின் முட்டைகள் மட்டுமே விழுகின்றன. அடுத்த தலைமுறை முழுவதும் மருந்துக்கு அசையாத புழுவாக வந்து நிற்கும். அல்பென்டசோல், ஃபென்பென்டசோல் வகை மருந்துகளுக்கு இப்படி எதிர்ப்பு வந்துவிட்டதாகத் தமிழ்நாட்டு மந்தைகளிலேயே பதிவாகியிருக்கிறது. வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்தால், மருந்து காணாத மற்ற ஆடுகளின் சாதாரணப் புழுக்கள் புதுத் துண்டிலும் கலந்திருக்கும். எதிர்ப்புப் புழு தனியாகப் பெருக முடியாது. ஒரு மந்தையில் பெரும்பங்குப் புழுவைச் சுமப்பவை சில ஆடுகளே என்பதால் இது நடைமுறையிலும் போதுமானது. திரும்பத் திரும்ப வெளுக்கும் பெட்டையின் குட்டியைக் கிடாவுக்கோ பெருக்கத்துக்கோ நிறுத்தக் கூடாது.

கொடுத்த மருந்து வேலை செய்ததா என்று பார்க்க, மருந்து கொடுக்கும் அன்றும் பத்துப் பதினான்கு நாள் கழித்தும் அதே ஆடுகளின் சாணத்தை எடுத்துக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்து முட்டை எண்ணச் சொல்லலாம். தரையில் கிடப்பதை எடுக்காமல், ஆட்டிடமிருந்து நேரே எடுத்த புழுக்கையைக் காற்றில்லாமல் கட்டிய பையில், குளிர்ச்சியில் வைத்து அன்றே சேர்க்க வேண்டும். வெயிலில் வைத்தால் முட்டை பொரித்து எண்ணிக்கை பொய்யாகிவிடும். முட்டை நூற்றுக்கு 95 பங்காவது குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது. குறையவில்லை என்றால் அளவைக் கூட்டக் கூடாது, வேறு வகை மருந்துக்கு மருத்துவர் மாற்றித் தருவார்.

தை பிறந்து மண் காய்ந்ததும் இந்த முறையின் பாதி வேலை முடிந்துவிடுகிறது. புல் வளராத காலத்தில் நான்கு நாள் கணக்குக்குப் பொருளில்லை. லார்வாவையும் வெயில் பார்த்துக்கொள்ளும். அப்போதும் ஆட்டை இரண்டு ஏக்கர் முழுக்கத் திரியவிட்டால், காய்ந்த தூரை நக்கி நக்கி வேரோடு கெடுத்துவிடும். ஒன்பது துண்டிலும் நிற்கும் உலர்புல்லை ஒருமுறை உள்ளங்கை உயரம்வரை மேய்த்து முடித்ததும், கோடை முழுவதும் பத்தாவது துண்டில் அடைத்து, தட்டும் வெள்வேல நெற்றும் போட்டு வளர்க்க வேண்டும். மழை தொடங்கிய உடனேயும் வெளியே விடக் கூடாது. முதல் துண்டில் புல் ஒரு சாண் வளர்ந்த பிறகே வலையை நட வேண்டும். அந்த இரண்டு மூன்று வாரத்தில் பத்தாவது துண்டு மிதிபட்டு, புழுக்கை சேர்ந்து, காட்டிலேயே அழுக்கான இடமாகியிருக்கும். அதனால்தான் அதைச் சுற்றின் கடைசியில் வைப்பது. ஆடு அங்கே திரும்புவதற்குள் 36 நாள் போயிருக்கும், பசுவும் ஒருமுறை மேய்ந்து முடித்திருக்கும்.